அம்மாச்சி எரிக்கச் சொன்னார், பிள்ளைகள் புதைக்க நினைத்தார்கள்: கத்தோலிக்கக் குடும்பங்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

எங்கள் அம்மாச்சி 2023 ஆகஸ்டில், 84 வயதில், சென்னையில் எங்கள் வீட்டிலேயே இறந்தார். தன்னைத் தகனம் செய்ய வேண்டும் என்று எழுதி வைத்திருந்தார். அவருடைய நான்கு பிள்ளைகளில் மூன்று பேருக்கு அதில் சம்மதம் இல்லை. ஒரு நாள் முழுக்கப் பேசி, அழுது, கோபித்து, கடைசியில் அவர் சொன்னபடியே செய்தோம். அதிலிருந்து எங்கள் அன்பியத்தில் யார் வீட்டில் வயதானவர்கள் படுக்கையில் விழுந்தாலும் யாராவது என்னைக் கூப்பிட்டு இதே சந்தேகங்களைக் கேட்கிறார்கள். போனில் பாதி பாதியாகச் சொல்வதை இங்கே முழுசாக எழுதியிருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

நாம வேதக்காரங்க. எரிக்கலாமா? சாமியார் ஒத்துக்குவாரா?

எரிக்கலாம். 1963-லிருந்தே கத்தோலிக்கத் திருச்சபை தகனத்தை அனுமதிக்கிறது. இன்று நடைமுறையில் இருக்கும் 1983 திருச்சபைச் சட்டத்தில் 1176-ஆம் சட்டம் இதைச் சொல்கிறது. அடக்கம் செய்யும் வழக்கத்தையே திருச்சபை விரும்பிப் பரிந்துரைக்கிறது. ஆனால் தகனத்தைத் தடை செய்வதில்லை. கிறிஸ்தவ நம்பிக்கையை மறுப்பதற்காகவே ஒருவர் தகனத்தைத் தேர்ந்தெடுத்தால் மட்டும்தான் சிக்கல்.

எங்கள் பங்குத்தந்தை கேட்டது ஒரே ஒரு கேள்விதான்: "அம்மா ஏன் அப்படிச் சொன்னாங்க?" காரணத்தைச் சொன்னோம். "சரி, நாளைக்கு எத்தனை மணிக்குப் பூசை வைக்கலாம்?" என்று கேட்டுவிட்டார்.

அப்புறம் ஏன் பெரியவங்க எல்லாம் பாவம்னு சொல்றாங்க?

அவர்கள் சொல்வது கற்பனை இல்லை, ஒரு காலத்தில் அது சட்டமாகவே இருந்தது. 1886-இல் ரோமிலிருந்து தகனத்துக்குத் தடை வந்தது. அன்றைக்கு ஐரோப்பாவில் தகனத்தை முன்னெடுத்தவர்களில் பலர் திருச்சபைக்கு எதிரானவர்கள். உயிர்ப்பு என்று ஒன்று இல்லை என்று காட்டவே சிலர் அதை ஓர் அடையாளமாக வைத்திருந்தார்கள். 1917-இன் பழைய சட்டம் இன்னும் கடுமையானது. தன்னை எரிக்கச் சொல்லி ஒருவர் எழுதி வைத்திருந்தாலும் அதை நிறைவேற்றக் கூடாது என்றது.

அம்மாச்சியின் தம்பி, எங்கள் சின்னத் தாத்தா, இந்தச் சட்டத்தின் கீழ் ஞானோபதேசம் படித்தவர். "கடைசி ஆசைன்னாலும் எரிப்பை நிறைவேத்தக் கூடாது"ன்னு அவர் அடித்துச் சொன்னபோது, யாரோ சொன்னதைச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். அவர் சிறு வயதில் உண்மையாகவே படித்த பாடம் அது. அவரிடம் "உங்களுக்குத் தெரியாது தாத்தா" என்று பேசியிருக்கக் கூடாது. "நீங்க படிச்சப்போ அப்படித்தான் இருந்துச்சு, பிறகு மாத்திட்டாங்க" என்று பங்குத்தந்தை சொன்ன பிறகுதான் அவர் இறங்கி வந்தார்.

உடம்பே இல்லைன்னா கடைசி நாள்ல எப்படி உயிர்க்கும்?

இந்தக் கேள்வியைத் தயங்கித் தயங்கித்தான் கேட்பார்கள். ஆனால் எதிர்ப்புக்கு அடியில் இருப்பது பெரும்பாலும் இதுதான். திருச்சபையின் பதில் தெளிவாக இருக்கிறது: உடலை எரிப்பது ஆன்மாவைத் தொடுவதில்லை, உடலை எழுப்பக் கடவுளுக்குள்ள வல்லமையையும் அது தடுப்பதில்லை.

என் அம்மாவுக்கு இதை நான் ஒரு பழைய நிகழ்ச்சியை வைத்துச் சொன்னேன். கி.பி. 177-இல் லியோன் நகரில் கிறிஸ்தவர்களைக் கொன்று, உடல்களை எரித்து, சாம்பலை ரோன் ஆற்றில் கொட்டினார்கள். "இனி எப்படி உயிர்ப்பார்கள், பார்க்கலாம்" என்று கேலி செய்யத்தான் அப்படிச் செய்தார்கள். அந்த மறைசாட்சிகள் உயிர்க்க மாட்டார்கள் என்று திருச்சபை ஒரு நாளும் நினைத்ததில்லை. அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "தாத்தா பெட்டியும் இந்நேரம் மண்ணாத்தான் போயிருக்கும்" என்றார்.

உங்க அம்மாச்சி ஏன் அப்படிக் கேட்டாங்க? யாராவது சொல்லிக் கொடுத்தாங்களா?

யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவர் அக்கா இறந்தபோது, குடும்பக் கல்லறையைத் திறந்து அதிலேயே அடக்கம் செய்தார்கள். சென்னையில் பழைய கல்லறைத் தோட்டங்களில் புது இடம் கிடைப்பது அரிது என்பதால் இப்படித்தான் நடக்கிறது. அன்றைக்கு அம்மாச்சி கல்லறைத் தோட்டத்துக்குச் சீக்கிரமே போயிருந்தார். குழி தோண்டுகிறவர் உள்ளே இருந்த எலும்புகளை எடுத்து, ஒரு வெள்ளைத் துணியில் கட்டி ஓரமாக வைத்திருந்ததைப் பார்த்தார். குழி தோண்டுகிறவர் அதைப் பயபக்தியோடுதான் செய்தார். புது அடக்கம் முடிந்ததும் அதே குழியில் ஒரு பக்கமாக வைத்து மூடினார்கள். ஆனாலும் அந்தத் துணி மூட்டை அம்மாச்சி மனசை விட்டுப் போகவில்லை. "எனக்காக உங்க தாத்தாவை எழுப்பாதீங்க" என்று அன்றிலிருந்தே சொல்ல ஆரம்பித்தார்.

இன்னொரு கணக்கும் வைத்திருந்தார். எங்கள் கல்லறைத் தோட்டத்தில் ஓர் உடல் வைத்த கல்லறையை 14 ஆண்டு கழித்துத்தான் மறுபடி திறக்க முடியும். இந்தக் காலம் இடத்துக்கு இடம் மாறும், நீங்கள் உங்கள் அலுவலகத்தில் கேளுங்கள். தாத்தா இறந்தது 2014-இல். 2028-க்கு முன்னால் தான் இறந்தால் தாத்தாவோடு சேர முடியாது, நகரத்துக்கு வெளியே எங்கோ ஒரு புது இடத்தில் தனியாகத்தான் படுக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். அஸ்தியாகப் போனால் தாத்தாவை எழுப்பாமலே அவர் பக்கத்தில் போய்விடலாம். எழுதி வைத்த தாளில் இருந்தது நான்கே வரிதான். கடைசி வரி: "சாம்பலை உங்கள் அப்பா தலைமாட்டில் வைக்கவும்."

பிள்ளைங்க புதைக்கணும்னு சொன்னா யார் பேச்சு செல்லும்? சட்டம் என்ன சொல்லுது?

நாட்டுச் சட்டத்தைக் கேட்டால், நடைமுறையில் முடிவு நெருங்கிய உறவினர்கள் கையில்தான் இருக்கிறது. இறந்த உடல் சொத்து அல்ல. அதனால் உயிலில் வீட்டை எழுதி வைப்பதுபோல உடலை எழுதி வைக்க முடியாது. அந்த வாசகத்தை ஆசையாக மதிக்கலாமே தவிர, பிள்ளைகளை அது கட்டாயப்படுத்தாது. போதாததற்கு, பல வீடுகளில் உயிலைப் பிரித்துப் படிப்பதே அடக்கமெல்லாம் முடிந்த பிறகுதான். எனவே இதை உயிலில் எழுதாதீர்கள். தனித்தாளில் எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு, ஒரு நகலைப் பங்குத்தந்தையிடமோ நம்பிக்கையான ஒருவரிடமோ கொடுத்து வையுங்கள்.

திருச்சபையின் பார்வை கொஞ்சம் வேறு. 2016-இல் வத்திக்கான் வெளியிட்ட அறிவுறுத்தலில் ஓர் இடம் இருக்கிறது: சுகாதாரம், செலவு, சமூகக் காரணம் எதற்காகத் தகனத்தைத் தேர்ந்தெடுத்தாலும், இறந்தவர் வெளிப்படையாகச் சொன்ன விருப்பத்துக்கோ, அவர் விரும்பியிருப்பார் என்று நியாயமாக ஊகிக்கக் கூடியதற்கோ எதிராக அது இருக்கக் கூடாது.

எங்க வீட்ல தலைகீழ். பாட்டி புதைக்கச் சொன்னாங்க, பிள்ளைங்க எரிக்கலாம்னு சொல்றாங்க. வெளிநாட்ல இருக்கோம், கல்லறையை யார் பாத்துக்குறது?

இப்போது சொன்ன 2016 அறிவுறுத்தல் உங்களுக்குத்தான் நேராகப் பொருந்தும். பாட்டி அடக்கம் கேட்டிருந்தால், பராமரிக்க ஆள் இல்லை என்பதற்காக எரிக்கக் கூடாது. புல் மண்டிய கல்லறையும் கல்லறைதான். ஆண்டுக்கு ஒரு முறை சுத்தம் செய்ய அங்கே வேலை பார்க்கிறவரிடம் பணம் கொடுத்தால் செய்வார். கல்லறைத் திருநாளுக்கு முந்தின வாரம் எல்லாக் குடும்பமும் அதைத்தான் செய்கிறது.

இரண்டு பக்கத்தையும் நான் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். தகனம் ஆகிவிட்டால் பிறகு திருப்ப முடியாது. அதனால் பாட்டி என்ன விரும்பினார் என்று உண்மையிலேயே தெரியாதபோது அடக்கம் செய்வதுதான் சரி என்பது என் கருத்து. "இப்போதைக்குப் புதைப்போம், பிறகு எடுத்து எரிச்சுக்கலாம்" என்றும் நினைக்காதீர்கள். அடக்கம் செய்த உடலைத் தோண்டி எடுக்க அரசு அனுமதி வேண்டும். குடும்ப மனத்தாங்கலுக்காக அது லேசில் கிடைக்காது.

பாட்டி போன வருஷம் ஒண்ணு சொன்னாங்க, ஆஸ்பத்திரியில வேற சொன்னாங்க. எதை எடுத்துக்கிறது?

தெளிவான மனநிலையில், கடைசியாக, காரணத்தோடு சொன்னதை எடுத்துக்கொள்ளுங்கள். காரணம் முக்கியம். எங்கள் சித்தி, "போன கிறிஸ்மஸ்ல 'என்னை எங்க போட்டாலும் சரி'ன்னு சொன்னாங்களே" என்று வாதாடினார். அது அலுத்துப்போய்ச் சொன்ன பேச்சு. துணி மூட்டையைப் பற்றி அவர் மூன்று பேரிடம், மூன்று வேறு சமயங்களில், ஒரே மாதிரி சொல்லியிருந்தார். அதை வைத்துத்தான் முடிவுக்கு வந்தோம்.

ஆஸ்பத்திரியில், மருந்து மயக்கத்தில், யாரோ ஒருவர் மட்டும் கேட்டதாகச் சொல்வதை வைத்துப் பழைய பேச்சை மாற்ற வேண்டாம். கேட்டவர் பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை. அந்த நேரத்துப் பேச்சு நிற்காது, அவ்வளவுதான்.

கடைசியில பிள்ளைங்களை எப்படிச் சம்மதிக்க வெச்சீங்க?

வாதாடி யாரையும் சம்மதிக்க வைக்கவில்லை. யாருக்கு எது வலிக்கிறது என்று தனித்தனியாகக் கேட்டோம். பெரிய மாமாவுக்கு, ஊர்ச்சனம் "செலவுக்குப் பயந்து எரிச்சுட்டான்" என்று சொல்லும் என்ற பயம். சித்திக்கு, நவம்பர் 2-ஆம் தேதி மெழுகுவர்த்தி ஏற்ற ஓர் இடம் இருக்காதே என்ற ஏக்கம். அம்மாவின் பயத்தை மேலே சொல்லிவிட்டேன். மஸ்கட்டிலிருந்து வந்த சின்ன மாமா மட்டும் முதலிலிருந்தே அம்மாச்சி பக்கம்.

சித்தியின் ஏக்கத்துக்கு அந்தத் தாளின் கடைசி வரியே பதில்: அஸ்தி தாத்தா கல்லறைக்குத்தான் போகிறது, கல்லில் பெயரும் வரும். பெரிய மாமா ஒரு நிபந்தனை வைத்தார். கோயிலுக்கு உடலைக் கொண்டுபோய்ப் பெட்டியோடு முழு அடக்கத் திருப்பலி நடக்க வேண்டும், தீர்த்தம் தெளித்துத் தூபம் காட்ட வேண்டும், ஒன்றும் குறையக் கூடாது. பங்குத்தந்தை, "அதுதான் முறையும்கூட" என்றார். உடலோடு திருப்பலி முடித்துவிட்டுப் பிறகு தகனத்துக்குக் கொண்டுபோவதையே திருச்சபையும் விரும்புகிறது. தகன மேடையிலேயே கடைசி மன்றாட்டையும் சொல்லலாம். எங்களோடு சாமியார் அங்கேயும் வந்தார்.

சரி, நடைமுறையில என்னென்ன வேணும்?

வீட்டில் இறந்தால், பார்த்து வந்த டாக்டரிடம் இறப்புக்கான காரணச் சான்று வாங்க வேண்டும், அது படிவம் 4ஏ. ஆஸ்பத்திரியில் என்றால் படிவம் 4, அவர்களே தருவார்கள். இறந்தவர் ஆதார் நகல், பொறுப்பேற்கும் உறவினர் ஆதார் நகல் இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நாளே தகன மேடைக்குப் போய் நேரம் பதிவு செய்துவிடுங்கள். பூசை எப்போது முடியும் என்பதை வைத்து நேரம் சொல்லுங்கள், இல்லையென்றால் வாசலில் காத்திருக்க நேரும். எங்களுக்குக் காலை பத்தரைக்குப் பூசை, மதியம் ஒன்றரைக்குத் தகனம். இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும், அதற்குத் தகன மேடையில் தரும் ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

விபத்து, தீக்காயம், தவறி விழுந்தது என்று போலீஸ் வழக்குப் பதிவாகியிருந்தால், போலீஸ் எழுத்துமூலம் அனுமதி தராமல் தகனத்துக்குப் போகாதீர்கள். சந்தேகம் வந்தால் மறுபடி பரிசோதிக்க உடல் இருக்காது என்பதால் அங்கே கெடுபிடி அதிகம்.

பாட்டிக்குப் பேஸ்மேக்கர் இருக்கு. அப்படியே எரிக்கலாமா?

கூடாது. அதன் பேட்டரி சூட்டில் வெடிக்கும். உலையும் சேதமாகும், அங்கே நிற்கும் ஊழியருக்கும் ஆபத்து. அடக்கத்துக்கு இந்தப் பிரச்சினை இல்லை. அதனால் நம் குடும்பங்களில் யாருக்கும் இது தோன்றுவதே இல்லை.

அம்மாச்சிக்கு 2016-இல் பேஸ்மேக்கர் வைத்திருந்தோம். துக்கத்தில் எங்கள் யாருக்கும் நினைவில்லை. எதிர்வீட்டு நர்ஸ் அக்கா உடலைக் குளிப்பாட்ட உதவும்போது, இடது தோளுக்குக் கீழே தோலுக்கடியில் ஒரு மேடு கையில் தட்டுப்பட, "இது என்ன, எடுத்துட்டீங்களா?" என்று கேட்டார். டாக்டரைத் திரும்ப வரவழைத்து, சின்னதாகக் கீறி எடுத்து, தையல் போட்டு முடிக்க ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அந்த அக்கா கேட்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைப்பேன். சான்று எழுத வரும் டாக்டரிடம் முதல் வார்த்தையாக இதைச் சொல்லிவிடுங்கள்.

பெட்டியோட எரிப்பாங்களா?

நாங்கள் போன எரிவாயு தகன மேடையில் இல்லை. பெட்டியிலிருந்து எடுத்து, இரும்புத் தட்டில் வைத்துத்தான் உள்ளே அனுப்புவார்கள். இது எங்களுக்கு முன்பே தெரியவில்லை. பெரிய மாமா பித்தளைப் பிடி போட்ட தேக்குப் பெட்டி வாங்கியிருந்தார். வாசலில் மூடியைத் திறந்து அம்மாச்சியைத் துணியோடு தூக்கியபோது அவர் உடைந்துபோனார். அந்த நாளின் மிகக் கடினமான நிமிடம் அதுதான். முன்பே தெரிந்திருந்தால் மனசைத் தயார் செய்திருக்கலாம். எளிய பெட்டி போதும், முடிந்தால் நான்கு பேர் பிடிக்க உறுதியான வெள்ளைத் துணி ஒன்றை முதலிலேயே அடியில் விரித்துவிடுங்கள்.

கையில் சுற்றிய ஜெபமாலை உலோகம் என்றால் எடுத்துவிட்டு, மரமணி அல்லது நூல் ஜெபமாலை போடுங்கள். பட்டுப்போல் மின்னும் செயற்கை இழைச் சேலை வேண்டாம், பருத்தி நல்லது.

அஸ்தியை வீட்ல வெச்சுக்கலாமா? வேளாங்கண்ணிக் கடல்ல கரைக்கலாமா?

இரண்டும் கூடாது என்பதுதான் மேலே சொன்ன 2016 அறிவுறுத்தல். வீட்டில் வைக்கக் கூடாது, கடலிலோ காற்றிலோ தூவக் கூடாது, பிள்ளைகளுக்குள் பங்கு போடக் கூடாது. கல்லறை, கோயில் போன்ற புனித இடத்தில்தான் வைக்க வேண்டும். இறந்தவரை எல்லாரும் நினைத்து மன்றாட ஓர் இடம் வேண்டும் என்பதுதான் இதற்குக் காரணம். கொஞ்ச காலம் கழித்து வீடு மாறும்போது பானை எந்தப் பரணில் கிடக்கும் என்று யோசித்தால் இந்த விதியின் அக்கறை எனக்குப் புரிகிறது.

சித்தி ஒரு சிட்டிகையாவது வேளாங்கண்ணிக்குக் கொண்டுபோகக் கேட்டார், அன்றைக்கு இல்லை என்றோம். அம்மாச்சி இறந்து நான்கு மாதம் கழித்து, 2023 டிசம்பரில், வத்திக்கான் ஒரு விளக்கம் கொடுத்தது. இறந்தவர் வாழ்வில் முக்கியமான ஓர் இடத்தில் மிகச் சிறிய பகுதியை வைத்திருக்கக் குடும்பம் கேட்டால், திருச்சபை அதிகாரி அதைப் பரிசீலிக்கலாம். கேட்டால் பரிசீலிக்கலாம் என்பதுதான், நாமாகச் செய்துகொள்ள அனுமதி இல்லை. கடலில் கரைக்கும் தடை அப்படியே இருக்கிறது.

கல்லறையில அஸ்தியை எப்படி வைக்கிறது? உடனே வைக்கணுமா?

சாயங்காலமே மண்பானையில் கொடுத்துவிட்டார்கள். இரண்டு கிலோவுக்கு மேல் இருக்கும். சாம்பல் மட்டும் இருக்காது, எலும்புத் துண்டுகளும் இருக்கும், பார்த்துப் பதறாதீர்கள். ஏழாம் நாள் பூசைவரை கோயிலில் ஓர் அறையில் வைக்கப் பங்குத்தந்தை இடம் கொடுத்தார். ஏழாம் நாள் கல்லறைக்குப் போனோம். தாத்தா தலைமாட்டில், சிலுவைக்குக் கீழே, ஒரு முழ நீளம், இரண்டு அடி ஆழம் மட்டும் தோண்டினார்கள். தாத்தாவின் பெட்டி அதற்கு வெகு கீழே இருக்கிறது. சாமியார் குழியை மந்திரிக்க, பானையைச் சித்தி இறக்கி வைத்தார். எல்லாரும் ஒரு கைப்பிடி மண் போட்டோம். அடக்கத்தன்று போடுவதுபோலவே.

அஸ்தி வெச்சா அந்த 14 வருஷக் கணக்கு மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்குமா?

எங்கள் கல்லறை அலுவலகத்தில் இல்லை என்றார்கள். உடல் வைக்கவில்லை என்பதால் பழைய கணக்கே தொடரும், பதிவேட்டில் அஸ்தி என்று தனியாக எழுதிக்கொள்வார்கள். 2028-இல் அந்தக் கல்லறையை அடுத்த ஆளுக்குத் திறக்கலாம், அப்போது பானையை எடுத்து மறுபடி அதே இடத்தில் வைக்க வேண்டும். உங்கள் இடத்தில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், அலுவலகத்தில் ஆள் மாறினால் பதிலும் மாறிவிடக் கூடும். இந்தக் கேள்வியை என்னிடம் முதலில் கேட்டது பெரிய மாமா. போன கல்லறைத் திருநாளன்று, கல்லில் புதிதாக வெட்டிய அம்மாச்சியின் பெயரைத் துணியால் துடைத்துக்கொண்டே கேட்டார்.